நண்பனை இல்ல விழாவிற்கு அழைக்கும் கடிதம்

நெய்வேலியில் எங்கள் குடியிருப்பிற்கு அடுத்த குடியிருப்பில் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் இருக்கின்றான். 2026ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஒரு மாலைப்பொழுது, கல்லூரி விடுதியில் இருந்த எனக்கு அவன் தன் கைப்பேசியினின்றும் ஒரு நிழற்படம் அனுப்பினான். பள்ளியில் கொடுத்த பயிற்சி வினாத்தாளில் ஒரு வினாவின் படம் அது. வீட்டில் விடையெழுதி வருமாறு ஆசிரியர் பணித்திருந்தார். படத்தின் கீழே அவன், “அண்ணா, இதற்கு ஒரு கடிதம் எழுதி அனுப்புங்கள், நான் நெட்டுருச் செய்துகொள்கிறேன்” என்று வேண்டியிருந்தான். தமிழ் ஆனர்ஸ் படிப்பவன் இதற்கு உதவானோ என்பது அவன் எண்ணம். யான் எழுதித் தர உடன்படவில்லை. “நீ எழுது, தம்பி, இருவரும் சேர்ந்து திருத்துவோம்” என்றேன். மூன்று மாலைகள் அவ்வாறே கழிந்தன. அம்மூன்று மாலைகளிலும் யாங்கள் கண்ட பிழைகளையும் அவற்றை நீக்கிய வகையையும் இங்கே முறையே கூறுவேன்.

வினாவைப் படித்தல்

முதற்கண் வினாவையே எங்களால் முழுதும் படிக்க இயலவில்லை. தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்திருந்தமையால், மடிப்பு ஒன்று எழுத்தின் குறுக்கே ஓடிற்று. விளக்கின் கீழ்ப் பிடித்த படமாதலின் அவன் கையின் நிழலும் அதன்மேல் விழுந்திருந்தது. “உன் இல்லப் புதுமனை புகுவிழாவிற்கு வருமாறு வெளியூரில் வாழும் உன் நண்ப” என்பது வரை தெளிவாகத் தெரிந்தது. அடுத்த ஓரெழுத்து மடிப்பில் மறைந்து போயிற்று. அதன் பின்னர் “க்கு அழைப்புக் கடிதம் எழுதுக” என்றிருந்தது. அதற்குக் கீழே படம் வெட்டுண்டிருந்தது.

ஓரெழுத்துத்தானே என்று அவன் கருதினான். தமிழில் அவ்வோரெழுத்து மிகப் பெரிது. மறைந்த எழுத்து ‘னு’ ஆயின் அது ‘நண்பனுக்கு’. ‘ரு’ ஆயின் ‘நண்பருக்கு’. நண்பனுக்கு எழுதினால் கடிதம் முழுதும் ‘நீ, உன், வா’ என்று செல்லும். நண்பருக்கு எழுதினால் ‘தாங்கள், தங்கள், வருக’ என்று செல்லும். முன்னிலைச் சொல்லை அறியாமல் முதல் வாக்கியத்தையே எழுத இயலாது. ‘உன் இல்ல’ என்று வினா தொடங்குவது மாணவனை நோக்கிய சொல்லேயன்றி நண்பரை நோக்கியதன்று. அதனைக் கொண்டு இதனைத் துணிதல் ஆகாது.

ஆகவே மறுநாட் காலை வேறு படம் எடுக்கச் சொன்னேன். தாளை விரித்துத் தடித்த புத்தகம் ஒன்றன்கீழ் இரவு முழுதும் வைத்து மடிப்பை அடக்கினான். விளக்கொளியை விடுத்துத் திண்ணையில் பகலொளியில் வைத்து, நேர் மேலிருந்து, தாளின் நான்கு மூலைகளும் தெரியுமாறு எடுத்தான். மறைந்த எழுத்து ‘னு’ என்பது தெரிந்தது. அதனினும் பெரிய பயன் ஒன்று உண்டாயிற்று. வெட்டுண்டிருந்த கடைசி வரி கிடைத்தது. கடிதம் எழுதுபவன் பெயர் கதிரவன், ஊர் நெய்வேலி எனவும், பெறுபவன் பெயர் இளமாறன், 14, வடக்குத் தெரு, பாளையங்கோட்டை – 627002 எனவும் கொள்ளுமாறும், உறைமேல் முகவரி எழுதுமாறும், அதற்கு ஐந்து மதிப்பெண் எனவும் அவ்வரியில் இருந்தது.

பெயரைக் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. பொதுத்தேர்வில் விடைத்தாள் இன்னாருடையது என்பது திருத்துவோருக்குத் தெரிதல் ஆகாது. ஆதலின் மாணவன் தன் பெயரையும் பள்ளியின் பெயரையும் விடைக்குள் எழுதலாகாது. முதற் படத்தை மட்டும் நம்பியிருந்தால் என் தம்பி தன் பெயரையே ஒப்பமாக இட்டிருப்பான். உறைமேல் முகவரியை முழுதும் விட்டிருப்பான்.

முதற் படி

அன்று மாலை அவன் எழுதிய முதற் படியின் நடுப்பகுதி இது:

“நிகழும் தை மாதம் 18ஆம் நாள் (1-2-2026) ஞாயிற்றுக்கிழமை எங்கள் இல்லப் புதுமனை புகுவிழா நடைபெற இருப்பதால், தாங்கள் தங்கள் சுற்றம் சூழ வருகை தந்து விழாவைச் சிறப்பிக்குமாறு அன்புடன் அழைக்கின்றேன். நீ கட்டாயம் வந்துடு. நீ வரலைன்னா உன்னோட பேச மாட்டேன்.”

இதன்கண் இரண்டு குரல்கள் கேட்கின்றன. முதல் வாக்கியம் அச்சிட்ட அழைப்பிதழின் குரல். இரண்டாவதும் மூன்றாவதும் தெருவில் பேசும் குரல். இடையே ‘தாங்கள்’ என்று தொடங்கி ‘நீ’ என்று முடிந்தமையால், ஒருவனையே இருவராக்கி அழைத்ததுபோல் ஆயிற்று.

பின்னிரண்டு வாக்கியங்களின் பிழை எளிதில் தீர்வது. நண்பனுக்கு எழுதும் கடிதம் உறவுமுறைக் கடிதம். அலுவலகத்திற்கு எழுதுவது போன்றதன்று. அதனால் பேச்சுவழக்கில் எழுதலாம் என்று மாணவர் பலர் எண்ணுகின்றனர். கடிதத்தில் நெருக்கத்தைக் காட்டுவது முன்னிலைச் சொல்லும் பொருளுமே. சொற்களின் சிதைவு அன்று. ‘வந்துடு’ என்பது ‘வந்துவிடு’ ஆக வேண்டும். ‘வரலைன்னா’ என்பது ‘வராவிட்டால்’ ஆகவும், ‘உன்னோட’ என்பது ‘உன்னுடன்’ ஆகவும் வேண்டும். இவ்வாறு மாற்றியும் நெருக்கம் குறையவில்லை என்பதை அவனே படித்துப் பார்த்து ஒப்புக்கொண்டான். ‘அப்பா, அம்மா’ என்னும் சொற்கள் எழுத்து வழக்கிற்கும் உரியனவே. அவற்றைத் ‘தந்தையார், தாயார்’ என்று நண்பனிடம் மாற்ற வேண்டுவதில்லை. ஆயினும் ‘அப்பா சொன்னார்’ என்று உயர்வு குறித்தே வினை முடிய வேண்டும். தங்கைக்குக் ‘கூறினாள்’ என்பது போதும்.

முதல் வாக்கியத்தின் பிழையே ஆழமானது. அது இலக்கணப் பிழையன்று. இலக்கணம் அதில் நன்றாகவே உளது. அழைப்பிதழை எழுதுவோருக்கு அதனைப் படிப்பவர் யார் என்பது தெரியாது. அத்தை வீட்டிற்கும், அலுவலகத் தலைவருக்கும், பால்காரருக்கும் ஒரே தாள் செல்லும். ஆதலின் யாவருக்கும் பொருந்துமாறு ‘தாங்கள்’ என்று பன்மையில் அழைக்கின்றது. நாளும் இடமும் கூறி நின்றுவிடுகின்றது. கடிதமோ ஒருவனுக்கே செல்வது.

இதனை அவனுக்கு விளக்க ஒரு சோதனை செய்தோம். கடிதத்தின் தலையிலுள்ள இளமாறன் என்னும் பெயரை அழித்து, அவன் வகுப்பிலுள்ள வேறொருவன் பெயரை இட்டுப் படிக்கச் சொன்னேன். கடிதம் சிறிதும் மாறாமல் நின்றது. இன்னும் ஐந்து பெயர்களை இட்டும் அவ்வாறே நின்றது. “அப்படியானால் இது யாருக்கு எழுதியது, தம்பி?” என்று கேட்டேன். அவன் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், “எனக்கு இளமாறன் என்று யாரையும் தெரியாதே, அண்ணா” என்றான்.

அவன் கூறியது மெய். தேர்வுக் கடிதத்தின் இடர்ப்பாடு முழுதும் அச்சொல்லில் அடங்கியுள்ளது. பெயரும் ஊரும் பிறர் கொடுத்தவை. அப்பெயருக்குப் பின்னால் ஆள் இல்லை. ஆள் இல்லாத இடத்திற்கு எழுதப் புகுந்தால் அழைப்பிதழ்தான் வரும். ஆகவே பெயரைக் கொடுத்தபடியே வைத்துக்கொண்டு, அதன் பின்னால் தான் மெய்யாகவே அறிந்த நண்பன் ஒருவனை நிறுத்திக்கொள்ள வேண்டும். “இந்த ஊரை விட்டுப் போன நண்பன் உனக்கு ஒருவனும் இல்லையோ?” என்றேன்.

போன நண்பன்

நெய்வேலியில் வளர்ந்த பிள்ளைக்கு இவ்வினா புதிதன்று. எங்கள் நகரியம் பழுப்பு நிலக்கரியோடு பிறந்தது. 1956இல் நிறுவனம் தோன்றிற்று; 1957 மே 20ஆம் நாள் நேரு பெருமகனார் சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார்; 1961இல் நிலக்கரிப் படுகை வெளிப்பட்டது. அங்குப் பணிபுரிய வந்தோருக்காக, ‘வட்டம்’ என எண்ணிட்ட பகுதிகளாகக் குடியிருப்புகள் அமைந்தன. வீடு நிறுவனத்தினுடையது; பணி உள்ளவரையில் அதில் வாழலாம். ஓய்வு பெற்றோர் வீட்டை ஒப்படைத்துவிட்டுச் சொந்த ஊருக்கோ, அருகிலுள்ள வேறூருக்கோ செல்வர். ஆகையால் எங்களூர்ப் பிள்ளைகளின் நட்பிற்குத் தந்தையரின் ஓய்வு நாள் ஓர் எல்லையாகின்றது.

என் தம்பிக்கும் அவ்வாறு ஒரு நண்பன் இருந்தான். எட்டாம் வகுப்பு முடிந்தவுடன் அவன் குடும்பத்தோடு தென்பாண்டி நாட்டிலுள்ள சொந்த ஊருக்குச் சென்றுவிட்டான். சென்ற புதிதில் இருவரும் கைப்பேசியில் பேசிக்கொண்டனர். நாளடைவில் அதுவும் நின்றுபோயிற்று. இவன் தந்தையாரும் வரும் மே திங்களில் ஓய்வு பெறுகின்றார். அவர் வடலூரில் ஒரு சிறு வீடு கட்டி முடித்திருக்கின்றார். புதுமனை புகுவிழா என்பது இவனுக்கு வினாத்தாளில் மட்டும் இருந்ததன்று, வீட்டிலும் இருந்தது. அதனை விடைக்குள் கொண்டுவரலாம் என்று அவனுக்குத் தோன்றாமல் இருந்ததே வியப்பு. “தேர்வில் சொந்தக் கதையை எழுதலாமா?” என்று கேட்டான். பெயரையும் பள்ளியையும் தான் எழுதலாகாது. பலா மரத்தை எழுதத் தடையில்லை என்றேன். அவர்கள் வீட்டுக் கொல்லையில் இருவரும் மூன்றாம் வகுப்பில் கொட்டை நட்டு வளர்த்த பலா ஒன்று நிற்பதை யானும் அறிவேன்.

நாள் குறித்தல்

இரண்டாம் மாலை முதற் படியின் நாளைப் பார்த்தோம். மாணவர் பலர் நாளைச் சிந்தியாமல் இடுவர். கிழமையும் தேதியும் ஒவ்வாமற் போகும். அல்லது விழா நாள் கடிதத்தின் நாளுக்கு முன்னதாக அமைந்துவிடும். இவன் அவ்வாறு பிழைக்கவில்லை. 1-2-2026 ஞாயிற்றுக்கிழமையே; தை 18ஆம் நாளே. தையில் புதுமனை புகுதலும் வழக்கமே. ஆயினும் அந்நாளை அவன் தன் தந்தையாரிடம் கூறியபொழுது அவர் நகைத்துவிட்டாராம். அன்று தைப்பூசம்!

வடலூரில் தைப்பூசம் எத்தகையது என்பதை அப்பக்கத்தார் அறிவர். 1872இல் இராமலிங்க அடிகள் அங்குச் சத்திய ஞான சபையை நிறுவினார். ஏழு திரைகளை நீக்கிக் காட்டும் சோதி தரிசனத்திற்கு ஆண்டுதோறும் பூச நாளில் பல ஊர்களினின்றும் மக்கள் திரண்டு வருவர். பேருந்துகளில் நிற்கவும் இடமிராது. அன்றைக்கு வடலூரில் வீடு புகுவோம் என்று வெளியூர் நண்பனை அழைத்தால், அவன் எப்படி வந்து சேர்வான்? தந்தையார் இதனை எண்ணியே விழாவை அடுத்த ஞாயிறு, தை 25ஆம் நாள், அதாவது 8-2-2026 காலையில் வைத்திருந்தார்.

திருத்துவோர் இதனைக் கண்டிருப்பரோ என்று கேட்கலாம். கண்டிருக்கமாட்டார். ஆயினும் நாளைப் பற்றி எண்ணத் தொடங்கியவுடனே கடிதத்திற்கு வேண்டிய வேறு செய்திகள் தாமே வந்தன. பிப்ரவரி என்றால் பொதுத்தேர்வு அண்மையில் இருக்கும். நண்பனும் பத்தாம் வகுப்பே. அவனுடைய பெற்றோர் தயங்குவர். அத்தயக்கத்திற்குக் கடிதமே விடை கூற வேண்டும். எப்பொழுது புறப்பட்டு எப்பொழுது திரும்புவது, எங்கே இறங்குவது, அழைத்துச் செல்வோர் யார் என்பவற்றை எழுதினால் அவர்கள் விடைகொடுத்தனுப்புவர். “கட்டாயம் வா” என்று பத்து முறை எழுதுவதினும் இஃதொன்று வலிது. நெல்லையிலிருந்து இரவில் புறப்படும் தொடர்வண்டி விடியுமுன் விருத்தாசலத்தை அடையும். அங்கிருந்து கடலூர்ப் பேருந்து மந்தாரக்குப்பம், நெய்வேலி வழியாக வடலூர் செல்லும். பேருந்தின் வழியையும் எழுதலாமா என்றான். அழைத்து வர ஆள் செல்வதாக இருந்தால் வழி வேண்டுவதில்லை. ஒன்று போதும் என்று முடிவு செய்தோம்.

திருந்திய கடிதம்

மூன்றாம் மாலை அவன் எழுதி முடித்த கடிதம் இது. இதில் யான் திருத்தியன சந்திப் பிழைகள் சிலவே.

நெய்வேலி,
12-1-2026.

அன்புள்ள நண்பன் இளமாறனுக்கு,

நலம். உன் நலமும் உன் பெற்றோர் நலமும் அறிய அவாவுகின்றேன். நீ பாளையங்கோட்டைக்குச் சென்ற பின் நான் எழுதும் முதற் கடிதம் இது. இத்தனை நாள் எழுதாதிருந்தது என் பிழையே, பொறுத்துக்கொள்.

அப்பா வரும் மே மாதம் ஓய்வு பெறுகின்றார். நாங்களும் இக்குடியிருப்பை விட்டுச் செல்ல வேண்டும். அதற்காக வடலூரில் ஒரு சிறு வீடு கட்டியுள்ளோம். அதன் புதுமனை புகுவிழா தை 25ஆம் நாள் (8-2-2026) ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்கு மேல் 7-30 மணிக்குள் நடைபெறும். அம்மா பால் காய்ச்சும்பொழுது நீதான் அடுப்பருகே நிற்க வேண்டும் என்று தங்கை கூறுகின்றாள். முன்பு எங்கள் வீட்டில் நீ பாலைப் பொங்கவிட்டு அடுப்பை அணைத்தது நினைவிருக்கின்றதா? அன்றைக்கு மட்டும் பால் பொங்குவது குற்றமன்று.

நீ சனிக்கிழமையே வந்துவிடு. வெள்ளி இரவு வண்டியில் ஏறினால் விடியுமுன் விருத்தாசலத்தில் இறங்கலாம். அப்பாவும் நானும் நிலையத்தில் காத்திருப்போம். அன்று பகல் முழுதும் பழைய வீட்டிலேயே இருப்போம். நாம் கொல்லையில் நட்ட பலா இவ்வாண்டுதான் முதன்முறையாக மூசு விட்டிருக்கின்றது. அது பழுக்கும் காலத்தில் நாங்கள் இங்கே இருப்போமோ என்பது ஐயம். மரத்தையாவது நாம் இருவரும் சேர்ந்து ஒருமுறை பார்த்துவிடுவோம்.

தேர்வு அண்மையில் இருப்பதால் உன் பெற்றோர் தயங்கக்கூடும். ஞாயிறு இரவே உன்னை வண்டியேற்றி விடுவதாக அப்பா கூறினார். திங்களன்று நீ பள்ளிக்குச் செல்லலாம். உன் மறுமொழியை எதிர்பார்க்கின்றேன்.

இங்ஙனம்,
உன் அன்பு நண்பன்,
கதிரவன்.

உறைமேல் முகவரி:
பெறுநர்
இளமாறன்,
14, வடக்குத் தெரு,
பாளையங்கோட்டை – 627002.

இடமும் நாளும் வலப்பக்கம் மேலே நின்றன. விளி இடப்பக்கம் தொடங்கிற்று. ஒப்பம் வலப்பக்கம் கீழே அமைந்தது. உறைமேல் முகவரியை இடப்பக்கம் கீழே ஒரு கட்டத்துள் எழுதினான். முதலில் ஆறிலக்கக் குறியீட்டெண்ணை விட்டுவிட்டான். ஊர்ப் பெயர் போதாதோ என்றான். 1972 ஆகத்து 15ஆம் நாள் முதல் நம் நாட்டில் அவ்வெண் வழங்கி வருகின்றது. முதலிலக்கமாகிய 6 தென்னாட்டு மண்டலத்தைக் காட்டும். முதல் மூன்று இலக்கங்கள் கடிதத்தைப் பிரிக்கும் மாவட்டத்தையும், இறுதி மூன்றும் கொண்டு கொடுக்கும் அஞ்சலகத்தையும் காட்டும். ஒரே பெயருடைய ஊர்கள் பல உள்ள நாட்டில் எழுத்தைவிட இவ்வெண்ணே கடிதத்தைச் சேர்க்கின்றது.

இதனுள் பழைய சோதனையை மீண்டும் செய்து பார்த்தோம். இளமாறன் என்னும் பெயரை நீக்கி வேறொருவன் பெயரை இட்டவுடன் பாலும் பலாவும் பொய்யாயின. கடிதம் நிற்கவில்லை. அதுவே யாங்கள் வேண்டியது.

‘மூசு’ என்னும் சொல்லைப் பற்றி ஒன்று கூறவேண்டும். அவன் முதலில் ‘பிஞ்சு’ என்று எழுதியிருந்தான். அவனுடைய பத்தாம் வகுப்புப் பாடநூலில், பாவாணர் எழுதிய ‘தமிழ்ச்சொல் வளம்’ என்னும் கட்டுரையில், மாவின் பிஞ்சு வடு எனவும், பலாவின் பிஞ்சு மூசு எனவும் வந்துள்ளது. அதனை அவன் ஒரு மதிப்பெண் வினாவிற்காக நெட்டுருச் செய்திருந்தான். தன் கொல்லையில் நிற்பதற்குரிய பெயர் அது என்று எண்ணவில்லை. தானே நினைவு கூர்ந்து ‘பிஞ்சு’ என்பதை அடித்து ‘மூசு’ என்று எழுதினான். கற்ற சொல்லை அதற்குரிய பொருளின்மேல் வைப்பது இதுதான். இதற்கு மாறாகப் ‘பொன்னான நாள், பசுமையான நினைவுகள்’ முதலிய தொடர்களைக் கொணர்ந்து நிரப்பினால் பெயர்ச் சோதனையில் அவை எல்லாருக்கும் பொருந்தி நின்றுவிடும்.

நேர அளவு

ஓர் எல்லையையும் மறத்தல் ஆகாது. நூறு மதிப்பெண்ணுக்கு மூன்று மணி நேரம் என்றால், ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒன்பது நிமிடமே உரியது. மூன்றாம் மாலைக் கடிதம் முதலில் இதனினும் நீண்டிருந்தது. பழைய வகுப்பாசிரியரைப் பற்றியும், புதுவீட்டில் எத்தனை அறை என்பது பற்றியும் எழுதியிருந்தான். எழுதி முடிக்கப் பதினான்கு நிமிடம் ஆயிற்று. எதனை நீக்குவது என்பதற்கு ஒரு வினாவே துணை செய்தது: இவ்வாக்கியம் நண்பனை வரச் செய்கின்றதா? ஆசிரியரைப் பற்றிய செய்தி நல்லதேயாயினும் வரச் செய்வதன்று; அறைகளின் எண்ணிக்கையும் அன்னதே. அவற்றை நீக்கினான். நலம் கேட்டல், எழுதாமைக்கு வருத்தம், விழாவின் காரணம், நாளும் பொழுதும், வருதற்குரிய காரணம், வரும் வழி, தயக்கத்திற்கு விடை என்பன மட்டும் எஞ்சின. வினா அக்காள் திருமணம் என்று மாறினும், பாட்டனாரின் அறுபதாண்டு நிறைவு என்று மாறினும், இவ்வேழனுள் மாறுவன இடையிலுள்ளவையே.

வினாத்தாளைப் பள்ளியில் கொடுத்தபொழுது ஐந்திற்கு நான்கு மதிப்பெண் கிடைத்தது. ‘நண்பன் இளமாறனுக்கு’ என்னும் விளியின் இறுதியில் காற்புள்ளி இடாமையால் அரை மதிப்பெண்ணும், ஓரிடத்தில் சந்தி விட்டமையால் அரை மதிப்பெண்ணும் குறைந்தன. இரண்டும் படியெடுக்கும் பொழுது விடுபட்டவை. ஒன்பது நிமிடத்தின் இறுதியில் அரை நிமிடம் மீண்டும் படித்தற்கு ஒதுக்கியிருந்தால் அவனே கண்டிருப்பான்.

அதன் பின்னர் அவன் செய்ததொன்றை யான் சொல்லவில்லை, கேட்டறிந்தேன். அஞ்சலகத்தில் ஓர் உள்நாட்டுக் கடிதத்தாள் வாங்கி, அதே கடிதத்தைப் படியெடுத்து, கதிரவன், இளமாறன் என்றிருந்த இடங்களில் மெய்ப்பெயர்களையும் பாளையங்கோட்டை என்றிருந்த இடத்தில் மெய்யூரையும் இட்டு, அஞ்சற்பெட்டியில் சேர்த்துவிட்டான். மாற்ற வேண்டியிருந்தது அவ்வளவே.

எட்டாம் நாள் ஒரு மறுமொழி வந்தது. அதனையும் எனக்குப் படம் பிடித்து அனுப்பினான். இம்முறை நான்கு மூலைகளும் தெரிந்தன. இரண்டே வரிகள். முதல் வரியில், தன் பெற்றோர் சனிக்கிழமைக்கு ஒப்பினர் என்றிருந்தது. இரண்டாவது வரி ஒரு கேள்வி: “மூசு எத்தனை?”